நிற்க மறுக்கும் பந்து: துள்ளல் கணக்கில் கவனிக்க வேண்டியவை

நிரலாக்க ஆய்வக வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் நான் கொடுக்கும் பயிற்சிகளுள் ஒன்று, துள்ளும் பந்தின் கணக்கு. குறிப்பிட்ட உயரத்திலிருந்து விடப்படும் பந்து, தரையில் பட்டு எழும் ஒவ்வொரு முறையும் முந்தைய உயரத்தின் ஒரே பங்கை மட்டும் எட்டுகிறது. அது கடக்கும் மொத்தத் தொலைவு எவ்வளவு, எத்தனையாவது துள்ளலில் உயரம் அற்பமாகிறது என்பவையே கேள்விகள். பதினொன்றாம் வகுப்பிலேயே பெருக்குத் தொடரைப் படித்துவிட்டு வருகிற மாணவர்கள்தாம் இதிலும் தவறுகிறார்கள். அந்தத் தவறுகள் ஆண்டுதோறும் ஒரே இடங்களில் நிகழ்வதால் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கற்பனை எண்களைவிட ஓர் உண்மைப் பந்தை எடுத்துக்கொள்வது நல்லது. பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி, வழக்கமான டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கடினமான தளத்தில் விட்டால், அது 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். எழும் பங்கை 0.55 என்று வைத்துக்கொண்டால் முதல் துள்ளல் 139.7 செ.மீ., அதாவது விதிக்குள் அடங்குகிற பந்து. அடுத்தடுத்த உயரங்கள் 76.8, 42.3, 23.2, 12.8 என்று இறங்கி, ஒன்பதாவது துள்ளலில் 1.17 செ.மீ. ஆகவும் பத்தாவதில் 0.64 செ.மீ. ஆகவும் குறைகின்றன. ஒரு செ.மீ.க்குக் கீழே போவதுதான் "அற்பம்" என்று கேள்வி சொன்னால், விடை 10.

தொலைவைக் கூட்டும்போதுதான் முதல் தவறு வருகிறது. ஒவ்வொரு துள்ளலிலும் பந்து ஏறிய உயரத்தையே மீண்டும் இறங்குவதால், அந்த உயரத்தை இருமுறை கூட்ட வேண்டும். ஆனால் முதல் 254 செ.மீ. இறக்கம் மட்டுமே, அதற்கு முன்னால் ஏற்றம் என்று ஒன்று கிடையாது. தொடக்க உயரம் `h`, எழும் பங்கு `r` என்றால், முடிவிலி வரை துள்ளுவதாகக் கொண்டு மொத்தத் தொலைவு `h(1+r)/(1-r)`, நம் பந்துக்கு 874.9 செ.மீ. முதல் இறக்கத்தையும் இரண்டால் பெருக்கிவிட்ட மாணவருக்கு 1128.9 வரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு துல்லியமாக 254. விடைத்தாளில் விடை சரியாகத் தொடக்க உயரத்தின் அளவுக்குக் கூடியிருந்தால், வேறெங்கும் தேட வேண்டியதில்லை, தவறு இதுதான்.

இரண்டாவது தவறு கேள்வியை வாசிப்பதில் இருக்கிறது. "ஒவ்வொரு துள்ளலிலும் உயரத்தில் 45 விழுக்காட்டை இழக்கிறது" என்று கேட்டால், பெருக்க வேண்டிய எண் 0.55, இழந்த பங்கால் பெருக்கக் கூடாது. 0.45 ஆல் பெருக்கினால் மொத்தத் தொலைவு 669.6 செ.மீ. என்று வரும். இது பார்வைக்கு நம்பும்படியான எண் என்பதால் எளிதில் கண்ணில் படாது. முதல் துள்ளலின் உயரத்தைத் தனியே அச்சிட்டுப் பார்த்தால் 114.3 என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, "சார், ரன் ஆயிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது" என்று என்னை அழைத்தாள். அவளுடைய லூப் `while h > 0` என்று எழுதப்பட்டிருந்தது. பக்கத்து மாணவனும் அதே நிபந்தனையைத்தான் எழுதியிருந்தான். ஆனால் அவனுடைய நிரல் நொடிப்பொழுதில் நின்று விடையும் தந்திருந்தது. அவன் விகிதத்தை 0.45 என்று தவறாக எழுதியிருந்தான். சரியான விகிதத்தை எழுதியவளின் நிரல் நிற்கவில்லை. தவறாக எழுதியவனின் நிரல் நின்றது. தன்னுடைய விகிதம்தான் தவறோ என்று அவள் அதை மாற்றப் போன நேரத்தில் நான் தடுத்தேன்.

காரணம் இதுதான். கணக்குப்படி உயரம் ஒருபோதும் பூச்சியமாகாது, ஆனால் கணினியால் அளவற்றுச் சிறிய எண்களை வைத்துக்கொள்ள முடியாது. பைத்தானில் பூச்சியத்துக்கு மேல் உள்ள மிகச் சிறிய தசம எண் `5e-324` என்று திரையில் தெரியும். ஏறத்தாழ 1,250 துள்ளல்களில் உயரம் அங்கே போய்ச் சேர்கிறது. அதை 0.55 ஆல் பெருக்கினால் வருவது அந்த எண்ணின் பாதிக்குச் சற்று மேல். அதைச் சேமிக்க இடமில்லாததால் கணினி பூச்சியத்தையோ அதே எண்ணையோதான் தேர்ந்தெடுக்க முடியும். அருகில் இருப்பது அதே எண் என்பதால் அதையே வைத்துக்கொள்கிறது. அடுத்த சுற்றிலும் அதே கதை, ஆகவே லூப் முடிவதே இல்லை. விகிதம் 0.45 என்றால் பெருக்கல் பாதிக்குக் கீழே விழுந்து பூச்சியமாகிவிடும், லூப்பும் நின்றுவிடும். அவளுடைய மொத்தத் தொலைவோ, எழுபதாவது துள்ளலை எட்டும் முன்பே 874.9 என்ற சரியான எண்ணை அடைந்து அசையாமல் நின்றிருந்தது. அச்சிடும் வரிக்கு மட்டும் முறை வரவில்லை.

ஆகவே எல்லையைக் கேள்வியிலிருந்து எடுத்து நிரலில் எழுத வேண்டும்:

```python
h = 254.0
r = 0.55
n = 0
d = h
while True:
    n += 1
    h = h * r
    if h < 1:
        break
    d = d + 2 * h
print(n, d)
```

இது 10 என்ற எண்ணையும், பத்தாவது முறை தரையைத் தொடும் வரையிலான தொலைவாக ஏறத்தாழ 872.03 செ.மீ. என்பதையும் தரும். துள்ளல்களின் எண்ணிக்கையை மடக்கை கொண்டும் சரிபார்க்கலாம்: `log(1/254)/log(0.55)` என்பது 9.26, அதற்கு மேலுள்ள முழு எண் 10. எண்ணுவது தரையைத் தொட்ட தடவைகளையா, எல்லைக்கு மேல் எழுந்த தடவைகளையா என்பதைக் கேள்வி தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது என்றால் விடை 9 ஆகிவிடும். இந்தத் தெளிவின்மைக்கு மாணவரைக் குறைசொல்லக் கூடாது, கேள்வி அமைப்பவர்தான் பொறுப்பு.

எல்லைக்கு அப்பால் விட்டுவிட்ட எண்ணற்ற துள்ளல்கள் சேர்ந்து எவ்வளவு தொலைவு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 874.89 இலிருந்து 872.03 ஐக் கழித்தால் 2.86 செ.மீ.; அவ்வளவுதான். காலத்தையும் பார்க்கலாம். காற்றுத் தடையை விட்டுவிட்டால், 254 செ.மீ. விழ 0.72 நொடி ஆகிறது. உயரம் 0.55 மடங்காகும்போது காலம் அதன் வர்க்கமூலமாகிய 0.74 மடங்காகக் குறைவதால், எல்லாத் துள்ளல்களுக்கும் சேர்த்து 4.85 நொடிதான் ஆகும். அதில் பத்தாவது தொடுகைக்குப் பிந்தைய அத்தனை துள்ளல்களும் கடைசி 0.28 நொடிக்குள் அடங்கிவிடுகின்றன.

உண்மைப் பந்து அந்த 0.28 நொடியையும் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. டென்னிஸ் பந்து ஒரு முறை தரையைத் தொட்டு விலகவே சுமார் 5 மில்லிநொடி எடுக்கிறது. நம் கணக்கில் பத்தொன்பதாவது துள்ளலில் காற்றில் இருக்கும் நேரமே அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அப்போது உயரம் மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. அதற்குப் பிறகு பந்து துள்ளுவதில்லை, தரையில் அமர்ந்து சற்று அதிர்ந்து அடங்குகிறது. ஒரே பங்கு என்ற அனுமானம் அதற்கு முன்பே தளர்ந்துவிடும், ஏனெனில் மெதுவாக மோதும்போது பந்து இழக்கும் பங்கு சற்றுக் குறைவு. ஒரு செ.மீ. எல்லை வரையில் 0.55 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நல்ல தோராயமான விடையைப் பெறலாம். ஒரு மாணவர் எல்லையை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், நிரல் நிற்கும். விடை மட்டும் எந்தப் பந்துக்கும் பொருந்தாது.