900 கோடி மிஸ்ஸை 6 கோடியாக்குவது: அணிப் பெருக்கலைத் துண்டு துண்டாகச் செய்வது ஏன்?

2000 × 2000 அளவுள்ள இரண்டு அணிகளைப் பெருக்க 800 கோடி பெருக்கல்கள் தேவை. எந்த வரிசையில் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மாறுவது, அந்த எண்களை நினைவகத்திலிருந்து எத்தனை முறை இழுத்து வருகிறோம் என்பதுதான். அதில் நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம் வரும் என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ப்ராசசருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்தான் கேஷ். தேவையான எண் அதில் இல்லாமல் வெளியிலிருந்து இழுக்க நேர்ந்தால் அது ஒரு மிஸ். முதலில் கேஷின் அளவுகள். ப்ராசசருக்கு மிக அருகிலுள்ள எல்1 கேஷ் 32 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். பல ப்ராசசர்களில் இதே அளவுதான். நினைவகத்திலிருந்து எதுவும் தனி எண்ணாக வராது, 64 பைட் கொண்ட ஒரு லைனாகவே வரும். ஒரு `double` 8 பைட், ஆக ஒரு லைனில் 8 எண்கள். கேஷில் மொத்தம் 512 லைன்களுக்கு இடம். நம் அணியிலோ ஒரு நிரைக்கே 250 லைன், முழு அணிக்கு 5 லட்சம் லைன்.

இனி பாடப்புத்தக முறையைப் பாருங்கள். `i`, `j`, `k` என்று மூன்று லூப், உள்ளே `C[i][j] += A[i][k] * B[k][j]`. `k` ஏறும்போது A-வில் நிரை வழியே நகர்கிறோம். 8 எண்ணுக்கு ஒரு மிஸ், பரவாயில்லை. B-யில்தான் சிக்கல். அங்கே நிரல் வழியே கீழே இறங்குகிறோம், ஒவ்வொரு அடியும் 16,000 பைட் தாண்டல். ஒவ்வொரு முறையும் புது லைன் வருகிறது, அதிலுள்ள 8 எண்களில் ஒன்றைத்தான் தொடுகிறோம். மீதி ஏழும் அடுத்தடுத்த `j`-க்கு உதவுமே என்று தோன்றும். உதவும், அதுவரை கேஷில் இருந்தால்! ஆனால் நிரலின் அடிவரை போய்த் திரும்புவதற்குள் 2000 லைன் உள்ளே வந்திருக்கும். இடம் 512-க்குத்தான் என்பதால் முதலில் வந்தவை எப்போதோ வெளியேறியிருக்கும்.

ஆகவே B-க்கு ஒவ்வொரு பெருக்கலிலும் ஒரு மிஸ், 800 கோடி. B-யின் கூட்டத்தில் A-வின் நிரையும் தள்ளப்பட்டுவிடுவதால் அதற்கு 100 கோடி. மொத்தம் 900 கோடி. ஒரு பெருக்கலுக்கு ஒரு மிஸ்ஸுக்கும் மேல்.

லூப் வரிசையை `i`, `k`, `j` என்று மாற்றினாலே பெரிய நிவாரணம் கிடைக்கும். அப்போது B, C இரண்டிலும் நிரை வழியே போகிறோம். B-க்கு 100 கோடி, C-யின் நிரை தங்காமல் போனால் அதற்கு இன்னொரு 100 கோடி. இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறைய பேர். ஆனால் B முழுவதையும் ஒவ்வொரு `i`-க்கும் மறுபடி இழுக்கிறோம், அதாவது 2000 முறை. அந்த வீண்செலவு அப்படியே நிற்கிறது.

பிளாக்கிங் கைவைப்பது அங்கேதான். அணிகளை b × b அளவுள்ள டைல்களாக வெட்டி, ஒரு டைலை உள்ளே கொண்டுவந்தால் அதில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் விடுவது. இரண்டு டைல்களைப் பெருக்க b³ பெருக்கல், ஆனால் உள்ளே இருக்க வேண்டிய எண்கள் 3b² மட்டுமே. உள்ளே வந்த ஒவ்வொரு எண்ணும் b முறை பயன்படுகிறது.

```c
for (int ii = 0; ii < N; ii += b)
 for (int jj = 0; jj < N; jj += b)
  for (int kk = 0; kk < N; kk += b)
   for (int i = ii; i < ii+b && i < N; i++)
    for (int k = kk; k < kk+b && k < N; k++)
     for (int j = jj; j < jj+b && j < N; j++)
      C[i][j] += A[i][k] * B[k][j];
```

b எவ்வளவு இருக்கலாம்? மூன்று டைல்களும் சேர்ந்து அடங்க வேண்டும்: 3 × b² × 8 ≤ 32768. b 36 வரை போகலாம். லைன்கள் பாதியில் வெட்டுப்படாமல் இருக்க 8-இன் மடங்காக எடுத்தால் 32. மூன்று டைலுக்கு 24 கிலோபைட். மற்ற சில்லறைத் தரவுகளுக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

சரி, மிஸ்களை எண்ணுவோம். 2000-ஐ 32-ஆல் வெட்டினால் 63 துண்டுகள், கடைசித் துண்டு பாதி அகலம். `ii`, `jj` மாறாமல் `kk` ஓடும்வரை C-யின் டைல் உள்ளேயே இருக்கும். C முழுவதும் ஒரே ஒரு முறை வந்தால் போதும், 5 லட்சம் மிஸ். A முழுவதும் ஒவ்வொரு `jj`-க்கும் ஒரு முறை, B முழுவதும் ஒவ்வொரு `ii`-க்கும் ஒரு முறை. தலைக்கு 63 × 5 லட்சம், அதாவது 3 கோடியே 15 லட்சம். மொத்தம் 6 கோடியே 35 லட்சம். 900 கோடியோடு ஒப்பிட்டால் சுமார் 140 மடங்கு குறைவு.

வேகமும் 140 மடங்கு கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எல்1-இல் தவறியவற்றில் பல அடுத்த, பெரிய கேஷான எல்2-இல் கிடைத்துவிடும், ப்ராசசரும் முன்கூட்டியே லைன்களை இழுத்துவைக்கப் பார்க்கும், பெருக்கலுக்கென்றே ஆகும் நேரம் ஒன்றும் இருக்கிறது. இன்னொரு பக்கம், டைலை இரட்டிப்பாக்கி மிஸ்ஸைப் பாதியாக்க நான்கு மடங்கு கேஷ் தேவை. இதைச் சுற்றிப்போக வழியில்லை: N³ பெருக்கல்களை எந்த வரிசையில் செய்தாலும், M எண்கள் கொள்ளும் கேஷுக்கும் வெளியுலகுக்கும் இடையிலான போக்குவரத்து N³/√M என்ற அளவுக்குக் கீழே போகாது என்று கணினி அறிவியலாளர்கள் ஹாங், குங் இருவரும் 1981-இல் நிறுவிவிட்டார்கள்.

இனி, பலரைக் குழப்பும் இடத்துக்கு வருவோம். N-ஐ 2000-லிருந்து 2048 ஆக்குங்கள். வேலை 7 சதவீதம்தான் கூடுகிறது, டைலும் அதே 32. ஆனால் மிஸ் எகிறும்.

காரணம், 512 லைன்களும் ஒரே பொதுக் கிடங்கு இல்லை. 64 செட்கள், செட்டுக்கு 8 இடங்கள். ஒரு லைன் எந்த செட்டுக்குப் போகும் என்பதை அதன் முகவரியே தீர்மானிக்கிறது. 2048 எண்கள் கொண்ட நிரை சரியாக 256 லைன், அதாவது 64-இன் மடங்கு. அதனால் ஒரு டைலின் 32 நிரைகளும் அதே நான்கு செட்களில் வந்து விழும். 128 லைன்கள் தங்க வேண்டும், இடம் 32-க்குத்தான். கேஷின் மீதி 60 செட்களும் அந்த டைலுக்கு உதவாது. B-யின் டைலை ஒவ்வொரு `i`-க்கும் மறுபடி இழுக்க நேரும். பழைய லைனே முதலில் வெளியேறும் என்று கொண்டால், மூன்றரைக் கோடிக்குள் முடிய வேண்டிய B-யின் மிஸ் சுமார் 107 கோடி ஆகிவிடும்.

நிரையின் கடைசியில் ஒரு எண்ணைச் சும்மா சேர்த்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். இங்கே அது போதாது. 32 நிரைக்கும் சேர்த்து நகர்வது 4 லைன்தான். 32 எண்களைச் சேர்த்து நிரையை 2080 ஆக்கினால் நிரைக்கு 260 லைன், அடுத்தடுத்த நிரைகள் நான்கு நான்கு செட்டாகத் தள்ளி விழும். ஒரு டைல் எல்லா செட்களிலும் சரியாக இரண்டு இடம் எடுக்கும். மூன்று டைலுக்கு ஆறு, இருப்பதோ எட்டு. (2000-க்குத் தற்செயலாகவே இப்படிச் சமமாகப் பரவிவிடுகிறது.) அணியின் வடிவத்தைத் தொட முடியாதென்றால், டைலைத் தொடர்ச்சியான ஒரு தனி இடத்தில் நகலெடுத்துக்கொண்டு பெருக்கலாம், ஓபன்பிளாஸ் போன்ற நூலகங்கள் செய்வது இதைத்தான்.

உங்கள் ப்ரோகிராமில் என்ன நடக்கிறது என்று லினக்ஸில் இப்படிப் பார்க்கலாம்:

```
perf stat -e L1-dcache-loads,L1-dcache-load-misses ./mm
```

எண்கள் காகிதக் கணக்கோடு அச்சாகப் பொருந்தாது. N = 2000-க்கும் 2048-க்கும் ஓட்டி, மிஸ் எண்ணிக்கை 7 சதவீதத்தை விட எவ்வளவு அதிகமாகத் தாவுகிறது என்று பாருங்கள்; பெரிய தாவல் என்றால் செட் மோதல்தான். சாதாரண மூன்று லூப்பை ஒப்பீட்டுக்கு எடுக்கும்போது `gcc -O2` கொடுங்கள். `-O3` கொடுத்தால் கம்பைலரே லூப் வரிசையை மாற்றிவிடக்கூடும், நீங்கள் தேடும் 900 கோடி கண்ணிலேயே படாது.