யுனிவர்சல் ட்ரூத்: முக்காலமும் ஒத்த உண்மை

கும்பகோணத்தில் சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறேன். போன வாரம் ரிப்போர்ட்டட் ஸ்பீச் பயிற்சி. நானே எழுதிப் போட்ட வாக்கியங்களில் ஒன்று: மை கிராண்ட்ஃபாதர் செட், “தி காவேரி ஜாயின்ஸ் தி சீ அட் பூம்புகார்.” ஒரு மாணவி அதை மாற்றும்போது ‘ஜாயின்ஸ்’ என்பதை ‘ஜாயின்ட்’ ஆக்கியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “யுனிவர்சல் ட்ரூத்னாதானே சார் மாத்தக் கூடாது? யுனிவர்ஸ்னா உலகம் பூரா. இது பூம்புகார்ல மட்டும்தானே நடக்குது?” என்றாள்.

விதியை அவள் மறக்கவில்லை. விதியின் பெயர்தான் அவளை வழிமாற்றி விட்டது. ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை இந்த இடத்தில் இடறுகிறது. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் விதி. ஒருவர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே மேற்கோள் குறிக்குள் தருவது நேர்க்கூற்று. அதை நம் வாக்கியத்துக்குள் இழுத்துச் சொல்வது அயற்கூற்று. ஆங்கிலத்தில் அயற்கூற்றின் தலைவினை இறந்தகாலத்தில் இருந்தால், அதாவது ‘செட்’, ‘டோல்டு’ என்று வந்தால், உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் போகும். ‘ஈஸ்’ ‘வாஸ்’ ஆகும், ‘வில்’ ‘வுட்’ ஆகும். தலைவினை ‘சேஸ்’ என்று நிகழ்காலத்தில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இறந்தகாலத் தலைவினைக்கு அடியில் வந்தும் பின்னால் போகாமல் நிற்கும் ஒரு வகை உண்டு. ‘தி டீச்சர் செட் தட் வாட்டர் பாய்ல்ஸ் அட் ஹண்ட்ரட் டிகிரீஸ்’ என்பதில் ‘பாய்ல்ஸ்’ அப்படியே இருக்கிறது. ஆசிரியர் சொன்னது நேற்று, தண்ணீர் கொதிப்பது என்றைக்கும். இந்த வகைக்குத்தான் நம் வகுப்பறைகளில் யுனிவர்சல் ட்ரூத் என்று பெயர்.

யுனிவர்சல் என்பது லத்தீன் மொழியின் ‘யுனிவர்சஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘ஊனுஸ்’ என்றால் ஒன்று, ‘வெர்சஸ்’ என்றால் திரும்பியது. எல்லாம் ஒன்றாகத் திரண்டது, முழுமை என்பது அடிப்பொருள். தர்க்க நூல்களில் ‘எல்லா மனிதரும் இறப்பர்’ போல விதிவிலக்கின்றிச் சொல்லும் கூற்றுக்கு இந்த அடைமொழி உண்டு. ஆங்கில இலக்கண நூல்கள் இதே வகையை ‘ஜெனரல் ட்ரூத்’ என்றும், நிகழ்காலத்தின் இந்தப் பயன்பாட்டை ‘நோமிக் பிரசென்ட்’ என்றும் சொல்லும். ‘நோமிக்’ கிரேக்கத்திலிருந்து வந்தது, பொதுமொழி என்னும் பொருள் கொண்டது. நம் பிள்ளைகளிடம் தங்கியது யுனிவர்சல்தான். அதைத் தமிழாக்கும்போது ‘பிரபஞ்ச உண்மை’, ‘உலகப் பொது உண்மை’ என்று எழுதிவிடுகிறோம். இரண்டும் இடத்தின் அளவைக் காட்டுகின்றன. அப்புறம் பிள்ளை பூம்புகார் பிரபஞ்சத்தில் அடங்குமா என்று யோசிக்கத்தானே செய்யும்?

இங்கே இடத்துக்கு வேலையே இல்லை. காலம்தான் கேள்வி. இதைத் தமிழ் இலக்கணம் மிகத் தெளிவாகச் சொல்லி வைத்திருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூலில் ஒரு நூற்பா:

முக்காலத்தினும் ஒத்தியல் பொருளைச்
செப்புவர் நிகழும் காலத் தானே

மூன்று காலத்திலும் ஒரே தன்மையாய் நடக்கும் பொருளை நிகழ்காலத்தால் சொல்வார்கள் என்பது கருத்து. இதே கருத்து அதற்கும் முன்னால் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. உரைகளில் வரும் பழைய எடுத்துக்காட்டு ‘மலை நிற்கும்’. மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கப் போகிறது. அந்த ஒரு மலை உலகம் பூராவும் நிற்க வேண்டியதில்லை. ஓர் இடத்தில் நின்றாலும் முக்காலத்திலும் நின்றால் போதும். அதனால் இதற்குத் தமிழில் ‘முக்கால உண்மை’ என்பதே பொருத்தமான பெயர் என்று நினைக்கிறேன். ‘பொது உண்மை’ தவறில்லை, ஆனால் எதற்குப் பொது என்று அது சொல்லாது. முக்கால உண்மை என்ற பெயரோ சோதிக்கும் வழியையும் தன்னோடு கொண்டுவருகிறது.

மாணவியின் நோட்டில் அதைச் செய்து பார்த்தோம். காவிரி பூம்புகாரில் கடலில் கலப்பது தாத்தாவின் சின்ன வயசிலும் உண்மை, அவர் சொன்ன அன்றும் உண்மை, அவள் எழுதும் இன்றும் உண்மை. மூன்றும் ஒத்துப் போகின்றன. ஆக ‘மை கிராண்ட்ஃபாதர் செட் தட் தி காவேரி ஜாயின்ஸ் தி சீ அட் பூம்புகார்.’ அடுத்த வாக்கியமும் காவிரிதான்: “தி காவேரி ஈஸ் ட்ரை டுடே.” சித்திரை வெயிலில் பாலத்தில் நின்றபடி தாத்தா மணலைப் பார்த்துச் சொன்னது. ஆடிப்பெருக்கன்று இது உண்மையாக இருந்திருக்காது. மூன்று காலமும் ஒக்கவில்லை, எனவே ‘வாஸ் ட்ரை தட் டே’. ஒரே ஆறு, ஒரே தாத்தா. ஒன்றில் வினை அசையவில்லை, மற்றதில் பின்னால் போய்விட்டது. வாக்கியத்துக்குள் ‘டுடே’, ‘நவ்’, ‘திஸ் இயர்’ போன்ற சொல் இருந்தால் அது முக்கால உண்மையாக இருக்க வழியில்லை. அந்தச் சொல்லே ஒரு காலத்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ‘ஈஸ் ஃப்ளோயிங்’ போலத் தொடர்வினை வந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. இது பெயரால் வருவதில்லை, வினையால் வருகிறது. ‘தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும்’ என்றுதான் நாம் சொல்வோம். பள்ளியில் ‘கொதிக்கும்’ எதிர்காலம் என்று படித்த பிள்ளை, ஆங்கிலத்தில் ‘வாட்டர் வில் பாய்ல்’ என்று எழுதி, அயற்கூற்றில் அதை ‘வுட் பாய்ல்’ ஆக்கிவிடும். விடைத்தாளில் ‘வுட்’ வந்திருந்தால் பிழை எங்கே தொடங்கியது என்று அப்போதே தெரிந்துவிடும். ‘செய்யும்’ என்ற இந்த வடிவத்தைத் தொல்காப்பியம் நிகழ்காலத்தோடு சேர்த்தே பேசுகிறது. நன்னூல் காலத்தில் செய்யும் என்னும் முற்று நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொதுவாக நின்றது. இன்று ‘கொதிக்கிறது’ நிகழ்காலத்தை எடுத்துக்கொண்டதால் ‘கொதிக்கும்’ எதிர்காலம் போலத் தெரிகிறது. ஆனால் வழக்கத்தையும் இயல்பையும் சொல்லும் பழைய வேலையை அது விடவில்லை. ஆகவே இயல்பைச் சொல்லும் ‘கொதிக்கும்’, ‘உதிக்கும்’, ‘சுடும்’ எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘பாய்ல்ஸ்’, ‘ரைசஸ்’, ‘பர்ன்ஸ்’ என்று சாதாரண நிகழ்காலம்தான் இணை என்று தனியாகவே சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

அது மட்டுமில்லை. தமிழில் ‘என்று’ போட்டால் போதும், உள்ளே காலம் மாறவே மாறாது. ‘ஆறு வறண்டு கிடக்கிறது என்று தாத்தா சொன்னார்’ என்பதில் ‘கிடக்கிறது’ அப்படியே நிற்கிறது. முக்கால உண்மைக்கும் அன்றைய செய்திக்கும் நம் மொழி இந்த இடத்தில் வேறுபாடு காட்டுவதில்லை. அதனால் பிள்ளை தொடக்கத்தில் எதையும் பின்னால் தள்ளாது. பயிற்சி ஏற ஏற எல்லாவற்றையும் தள்ளும். ‘தி சன் ரோஸ் இன் தி ஈஸ்ட்’ என்ற விடை இந்த இரண்டாம் கட்டத்தில் வருவது.

இனி விதியின் எல்லை. யாருடைய உண்மை இது? சொன்னவருடையதா, எடுத்துச் சொல்பவருடையதா? எடுத்துச் சொல்பவருடையது. பழங்காலத்தில் சிலர் பூமி தட்டை என்று நம்பினார்கள். அவர்களுக்கு அது முக்காலமும் ஒத்த உண்மைதான். ஆனால் இன்று எழுதும் நான் அதை ஏற்கவில்லை. ஆகவே ‘தே பிலீவ்டு தட் தி எர்த் வாஸ் ஃபிளாட்’. இங்கே ‘ஈஸ்’ போட்டால் நானும் பூமி தட்டை என்று ஒப்புக்கொள்வது போலாகும். நிகழ்காலத்தை விட்டுவைப்பது என்பது சொன்னவரோடு நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுவது. இயற்பியல் எவ்வளவு துல்லியமாய் இருக்கிறது என்பதை வினை பார்ப்பதில்லை. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிப்பதே கடல்மட்டக் கணக்குத்தான். நாகப்பட்டினத்தில் சரி, 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும். யுனிவர்சல் என்ற பெயரை நம்பினால் இந்த எடுத்துக்காட்டே விழுந்துவிடும். முக்கால உண்மை என்று பார்த்தால் விழாது, கடல்மட்டத்தில் அது எந்நாளும் அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாய்ப் பேசுபவர்கள் ‘ஹி செட் தட் வாட்டர் பாய்ல்டு அட் ஹண்ட்ரட் டிகிரீஸ்’ என்றும் சொல்வார்கள். அது இலக்கணப் பிழை ஆகாது. நிகழ்காலத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்கு ஓர் உரிமை. நம் பயிற்சிகளில் அதைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறோம். தேர்வில் ‘பாய்ல்ஸ்’ எழுதுங்கள். படிக்கும் கதையில் ‘பாய்ல்டு’ வந்தால் பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

அன்றைக்குக் கடைசியாக அவள் தானே ஒரு வாக்கியம் கொண்டுவந்தாள். “அப்பா சொன்னாரு சார், ஜூன் 12 மேட்டூர் திறப்பாங்கன்னு. இது எதுல சேரும்?” குறுவைக்காக ஜூன் 12-இல் அணை திறப்பது வழக்கம்தான். ஆனால் 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. முக்காலமும் ஒக்கவில்லை, ஆக இது முக்கால உண்மை இல்லை. இன்றும் நிலவும் வழக்கம் என்ற அளவில் ‘ஹி செட் தட் தே ஓப்பன் மேட்டூர் டேம் ஆன் ஜூன் 12’ என்று வைத்துக்கொள்ளலாம், ‘ஓப்பண்டு’ என்றும் எழுதலாம். அப்பா இந்த ஆண்டைப் பற்றிச் சொல்லியிருந்தால் ‘வுட் ஓப்பன்’ ஒன்றுதான். “எந்த வருஷத்தைச் சொன்னார்?” என்று கேட்டேன். வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்று அந்த வரியை மட்டும் காலியாக விட்டுவிட்டுப் போனாள்.