ஒன்றரை அடி ஏற எதற்கு 18 அடி சாய்தளம்?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு இனி சக்கர நாற்காலிதான். வாசலில் மூன்று படி இருக்கிறது. ஆறடி நீளத்துக்குச் சாய்தளம் போட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. சரியா?"

போதாது. படிக்கு ஆறு அங்குலம் என்றால் மொத்த உயரம் 18 அங்குலம். அதற்கு 18 அடி நீளம் வேண்டும். ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம், அதாவது பன்னிரண்டுக்கு ஒன்று. நம் நாட்டு வழிகாட்டு நெறிகளும் இதைத்தான் சொல்கின்றன.

தள்ளும் பலம் ஒரு காரணம். அப்பாவும் நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆறடிச் சரிவு நாலுக்கு ஒன்று. அதில் ஏற்ற ஏறக்குறைய 20 கிலோவைத் தூக்கும் பலத்தோடு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டுக்கு ஒன்றில் ஏழு கிலோ போதும், சக்கர உராய்வுக்கு இன்னும் ஒரு கிலோ சேர்த்துக்கொள்ளலாம். சாமான் ஏற்றும் தள்ளுவண்டிக்கும் இதே கணக்குதான்.

ஆனால் சக்கர நாற்காலிக்குப் பலத்தைவிடப் பெரிய ஆபத்து, பின்பக்கமாகக் கவிழ்வது. இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுதான்.

உட்கார்ந்திருப்பவரும் நாற்காலியும் சேர்ந்த எடை முழுவதும் ஒரு புள்ளியில் இருப்பதாகக் கொள்ளலாம். அது அவருடைய வயிற்றுப் பக்கம், தரையிலிருந்து சுமார் 55 செ.மீ. உயரத்தில் இருக்கும். பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு அது 12 செ.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், நூல் பின்சக்கரத்துக்கு முன்னால் விழும்வரை நாற்காலி நிற்கும். நூல் பின்னால் போய்விட்டால் நாற்காலி மல்லாந்துவிடும்.

சரிவில் ஏறும்போது நாற்காலி பின்னால் சாய்கிறது, நூலும் பின்னால் நகர்கிறது. எவ்வளவு? 55-ஐச் சரிவின் முதல் எண்ணால் வகுத்தால் தெரியும். நாலுக்கு ஒன்றில் ஏறக்குறைய 14 செ.மீ. கையில் இருந்ததோ 12 தான். யாரும் பிடிக்காவிட்டால் நாற்காலி சும்மா நின்றாலே கவிழும். எட்டுக்கு ஒன்றில் 7 செ.மீ. நகரும், மீதி 5. பார்த்தால் பத்திரம் போலத் தோன்றும்.

கவிழ்வது கை வைத்துத் தள்ளும்போதுதான். சக்கரத்தை முன்னால் சுழற்றும் ஒவ்வொரு உந்தலும் நாற்காலியின் முன்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கும். புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு முடுக்கத்தோடு தள்ளினால், நூல் மேலும் 5.5 செ.மீ. பின்னால் நகர்ந்ததற்குச் சமம். எட்டுக்கு ஒன்றில் 7-உம் 5.5-உம் சேர்ந்து 12-ஐத் தாண்டிவிடுகிறது, முன்சக்கரம் எழும்புகிறது. பன்னிரண்டுக்கு ஒன்றில் 4.6-உம் 5.5-உம் சேர்ந்தால் 10 சொச்சம். இரண்டு செ.மீ. மிச்சம். அந்த இரண்டு செ.மீ.தான் தனியாக ஏறும் ஒருவரைக் காப்பாற்றுகிறது. உடம்பை முன்னால் வளைத்துத் தள்ளச் சொல்வதும் அந்த மிச்சத்தைக் கூட்டத்தான். காலை இழந்தவருக்கு முன்பக்க எடை குறைந்து நூல் ஏற்கெனவே பின்னால் வந்திருக்கும். அவருக்குப் பின்சக்கர அச்சையே பின்னால் தள்ளிப் பொருத்த வேண்டும்.

சரி, 18 அடிக்கு எங்கே போவது? வாசகரின் வீட்டு முகப்பு 20 அடி, முன்னால் 10 அடி காலி இடம். மடித்துப் போடலாம். கதவுக்கு முன்னால் ஐந்தடிச் சமதளம், சுவரோரம் 10 அடி இறக்கம், ஓரத்தில் திரும்ப ஐந்தடிச் சமதளம், அப்புறம் திரும்பி வந்து 8 அடி இறக்கம். சாய்தளத்தின் அகலம் மூன்றடிக்குக் குறையக் கூடாது. சமதளங்களை 18 அடியில் சேர்க்கக் கூடாது. திறந்த ஓரங்களில் இரண்டு அங்குலத் திண்டு வேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரம் வழுக்கி விழும்.

வடகிழக்கு மூலையில் மேடு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறார். அப்பா விழுவதற்கும் திசைக்கும் சம்பந்தமில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவராகப் பணியாற்றிய மேரி வர்கீஸின் பெயர் சொல்லும் ஊர் வேலூர். இங்கே வாஸ்துவுக்காக ஒருவரை வீட்டுக்குள் முடக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேஸ்திரி சிமென்டைப் பளபளவென்று தேய்த்துவிடுவார். மழையில் அது வழுக்கும், குறுக்குக் கோடு போட்டுச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் இரண்டடிச் சட்டம் ஒன்றைச் சரிவில் நீளவாக்கில் வைத்து, ரசமட்டத்தைப் பார்த்து, தாழ்ந்த முனையைச் சமமாகும்வரை தூக்குங்கள். அந்த முனைக்கும் அதன் கீழே உள்ள சாய்தளத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் அந்த இடம் செங்குத்து. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும் பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள்.