ஸ்னாப்ஷாட் எடுத்தால் பேக்கப் எடுத்ததாகிவிடாது

பழைய டெஸ்க்டாப்பில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருளை நிறுவி, மூன்று நான்கு கெஸ்ட்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஒரே வலைப்பக்கத்திலிருந்து நடத்துபவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கதையைத்தான் சொல்கின்றன. சென்ற வாரம் வந்த அழைப்புக்குப் பிறகு, இதை எழுதாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றிவிட்டது.

அந்தக் கணினியில் இருந்தது 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மட்டுமே. நிறுவி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இயல்பான விடைகளையே தந்திருந்ததால், கெஸ்ட்களின் வட்டுகளுக்கான `local-lvm` என்ற தின் பூலுக்குச் சுமார் 140 ஜிபி கிடைத்திருந்தது. அதில் 100, 40, 32 ஜிபி என மூன்று வட்டுகள், ஆக 172 ஜிபி. தின் பூலில் இது தவறல்ல. எழுதப்பட்ட அளவுக்குத்தான் இடம் பிடிக்கும். ஆனால் கோப்புகளும் ஒரு தரவுத்தளமும் இருந்த 101ஆம் எண் கெஸ்ட்டுக்கு ஐந்து ஸ்னாப்ஷாட்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பெயரும் `backup` என்றே தொடங்கியது.

ஒரு காலையில் அந்தக் கெஸ்ட்டின் மேல் மஞ்சள் முக்கோணம் தோன்றி, நிலை `io-error` என்று காட்டியது. உரிமையாளர் அதை மூன்று முறை மறுதொடக்கம் செய்திருக்கிறார். இந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு முதலில் ஹோஸ்ட்டின் ஷெல்லில் பார்த்திருக்க வேண்டியவை இவை இரண்டுதான்:

```
lvs pve
vgs pve
```

`data` என்ற வரியில் `Data%` நூறைத் தொட்டிருந்தது. நல்லவேளையாக, நிறுவி இந்த அளவு வட்டுகளில் சுமார் 16 ஜிபியை ஒதுக்காமல் விட்டுவைக்கும். `vgs` அதை `VFree` என்று காட்டும். எதையும் அழிப்பதற்கு முன்னால் அதிலிருந்து பத்து ஜிபியைப் பூலுக்குக் கொடுத்தேன்:

```
lvextend -L +10G pve/data
```

மூச்சுவிட இடம் கிடைத்த பிறகு மிகப் பழைய இரண்டு ஸ்னாப்ஷாட்களை நீக்கினேன். பயன்பாடு 71 சதவீதத்துக்கு இறங்கியது. கெஸ்ட் எழுந்தது, ஆனால் தரவுத்தளம் எழவில்லை. கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியதில் பத்தொன்பது நாள் பதிவுகள் போயின. “ஐந்து பேக்கப் இருந்ததே சார்” என்று அவர் கேட்டார். ஒன்றுகூட இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

ஸ்னாப்ஷாட் என்பது இரண்டாவது பிரதி அன்று. எடுக்கும் கணத்தில் அது ஏறக்குறைய இடமே பிடிப்பதில்லை, ஏனென்றால் எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. அதற்குப் பிறகு கெஸ்ட் எந்தத் தொகுதியை மாற்றி எழுதினாலும் பழையது அப்படியே பிடித்துவைக்கப்பட்டு, புதியதற்குப் பூலிலிருந்து வேறு இடம் போகிறது. அதனால்தான் 45 ஜிபி மட்டுமே பயன்படுத்துவதாகத் தன்னைக் காட்டும் கெஸ்ட், பூலில் அதைப்போல் இரண்டு மடங்கை விழுங்கிவிடுகிறது. மாறாத தொகுதிகளோ மூல வட்டுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் பொதுவானவை. எஸ்எஸ்டி செத்தால் எல்லாம் ஒன்றாகவே போகும். பூல் நிரம்பினால், அதை நிரப்பியதே அந்த ஸ்னாப்ஷாட்களாகவும் இருக்கலாம். மேம்படுத்தலுக்கு முன்னால் எடுத்து, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த இரண்டொரு நாளில் நீக்குவதற்கான வசதி அது.

குழப்பத்துக்கு ஒரு காரணத்தை ஒப்புக்கொள்கிறேன்: `Backup` பகுதியிலும் `Mode` என்ற இடத்தில் `Snapshot` என்ற சொல்லே வருகிறது. அது, கெஸ்ட்டை நிறுத்தாமலே பேக்கப் எடுக்கும் முறையைக் குறிக்கிறது; விளைவு தனியான ஒரு முழுக் கோப்பு. சொல் ஒன்று, பொருள் வேறு. ஆனால் அந்தக் கோப்பையும் `local` என்ற சேமிப்பகத்தில் போட்டால் அது அதே எஸ்எஸ்டியில்தான் விழும். தயவுசெய்து இரண்டாவது வட்டு ஒன்றைப் பொருத்துங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் போதும், அதன் ஸ்மார்ட் நிலை சுத்தமாக இருந்தால். அதை நீங்களே மவுண்ட் செய்து `bk` என்ற பெயரில் சேர்ப்பதாக இருந்தால், இந்த வரியை விட்டுவிடாதீர்கள்:

```
pvesm set bk --is_mountpoint yes
```

இது இல்லாவிட்டால், வட்டு மவுண்ட் ஆகாத இரவில் பேக்கப் கோப்புகள் ஹோஸ்ட்டின் ரூட் பகுதிக்குள் கொட்டி அதையும் நிரப்பிவிடும்.

கெஸ்ட்டுக்குள் அழித்த கோப்புகளின் இடம் பூலுக்குத் தானாகத் திரும்பாது. வட்டின் அமைப்பில் `Discard` தேர்வை இட்டு, கெஸ்ட்டை முழுவதுமாக நிறுத்தித் தொடங்கிய பின், உள்ளே `fstrim -av` ஓட்ட வேண்டும். ஸ்னாப்ஷாட் பிடித்துவைத்திருக்கும் இடத்தை இதுவும் மீட்காது.

கடைசியாக, மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். பூலில் இடம் இருக்கும்போது, வேறு ஓர் எண்ணில், `Unique` தேர்வுடன் மீட்டெடுங்கள். தொடங்குவதற்கு முன் அதன் நெட்வொர்க் அட்டையில் `Disconnect` இடுங்கள், இல்லையென்றால் ஒரே ஐபி முகவரியுடன் இரண்டு கெஸ்ட்கள் மோதிக்கொள்ளும். பிறகு `Console` வழியாக உள்ளே நுழைந்து, தரவுத்தளத்தின் கடைசிப் பதிவு எந்த நாளுடையது என்று பாருங்கள். அந்த அன்பருக்கு இதை நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்தோம். முந்தைய இரவின் பதிவு திரையில் வந்த பிறகுதான் மீதமிருந்த மூன்று ஸ்னாப்ஷாட்களை நீக்க அவர் சம்மதித்தார்.