பரீட்சை மீதி: சொல்லும் அது பிடிக்கும் வழுவும்

யாழ்ப்பாணத்தில் சாதாரண தரத்து வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் படிக்கும் பிள்ளைக்குப் ‘பரீட்சை மீதி’ என்றால் உடனே விளங்கும். அதே பிள்ளை தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தைத் திறந்தால் அதே கூற்று ‘இருப்பாய்வு’ என்று இருக்கும். ட்ரயல் பாலன்ஸ் என்ற ஆங்கிலப் பெயரின் இரண்டு மொழியாக்கங்கள்தான் இவை.

ஆங்கிலத்தின் பாலன்ஸ் இலத்தீனில் இருந்து வந்தது. அங்கே அதன் பொருள் இரண்டு தட்டு, அதாவது தராசு. ட்ரயல் என்றால் சோதித்துப் பார்ப்பது. ஆகவே பேரேட்டு மீதிகளை இரு பக்கமும் போட்டு, சமமாக நிற்கிறதா என்று பார்க்கும் பட்டியல் என்பதே மூலக் கருத்து. 1494இல் வெனிசில் அச்சான தன் கணித நூலில் லூக்கா பச்சோலியும் இப்படியொரு சோதனையைச் சொல்கிறார். பழைய பேரேட்டை மூடுமுன் வரவுகளை ஒரு பக்கமும் செலவுகளை மறுபக்கமும் கூட்டி ஒப்பிடச் சொல்கிறார்.

நம் சொல்லில் உள்ள ‘பரீட்சை’ வடமொழி வழி வந்தது. சுற்றிப் பார்ப்பது, ஆராய்வது என்பது அதன் அடிப்பொருள். சோதினை எழுதப் போவது என்ற பொருள் பிறகு ஏறியது. ‘மீதி’ இங்கே கடையில் வாங்கும் மிச்சக் காசு அல்ல. ஒரு கணக்கின் பெரிய பக்கத்திலிருந்து சிறிய பக்கத்தைக் கழித்தால் எஞ்சி நிற்பதுதான் மீதி.

சொல்லில் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இலங்கையில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தமிழ்நாட்டில் இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. ஒரே ‘வரவு’ கடலைக் கடந்ததும் பக்கம் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டுக் காணொளி பார்த்துப் படிக்கும் பிள்ளை இதை முதலில் தெரிந்துகொள்ளாவிட்டால் முழுப் பயிற்சியும் தலைகீழாகும். இந்தக் கட்டுரையில் இலங்கை வழக்கே.

இனி ஒரு பயிற்சியைப் பார்ப்போம். சுன்னாகத்தில் ஒரு சிறு புத்தகக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, பரீட்சை மீதி தயாரித்து வழுக்களைத் திருத்தச் சொல்கிறார் ஆசிரியர். படம் சற்றுச் சரிந்திருக்கிறது, ஓரத்தில் கை நிழல்.

படத்திலுள்ள வரவு மீதிகள்: காசு 42,500, கடன்பட்டோர் 36,000, தளபாடம் 60,000, வாடகை 24,000, சம்பளம் 48,000, மின்கட்டணம் 4,500, பெற்ற கழிவு 1,800. கொள்வனவுக் கணக்கு மட்டும் மீதி எடுக்காமல் விடப்பட்டிருக்கிறது. செலவு மீதிகள்: மூலதனம் 100,000, விற்பனை 268,000, கடன்கொடுத்தோர் 31,500.

கொள்வனவில் நான்கு பதிவுகள்: 62,400, 62,500, 43,000, அலுமாரி 12,500. கூட்டினால் 180,400. இதைப் போட்டுப் பார்த்தால் வரவுப் பக்கம் 397,200, செலவுப் பக்கம் 399,500. வித்தியாசம் 2,300. பலர் உடனே, காரணம் தெரியாத வித்தியாசத்தைத் தற்காலிகமாக வைக்கும் தொங்கல் கணக்கைத் திறந்து இந்த 2,300ஐ அதில் போட்டுவிடுவார்கள். அது அவசரம். படத்தில் 3உம் 8உம், 1உம் 7உம் ஒன்றாய்த் தெரியும். சரிந்த கோட்டில் ஒரு வரியின் தொகை அடுத்த வரிக்குப் போய்விடும். வெட்டுப்பட்ட ஓரத்தில் ஒரு இலக்கமே காணாமற்போகும். எனவே படத்தைப் பெரிதாக்கி, அதே கொடுக்கல் வாங்கல் இன்னொரு கணக்கில் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் 43,000 என்று வாசித்த கொள்வனவு காசுக் கணக்கின் செலவுப் பக்கத்தில் 48,000 என்று தெளிவாக இருக்கிறது. அப்படியானால் 43,000 என்பது நம் கண்ணின் தவறு, ஏட்டின் தவறு அல்ல. இதற்குப் பொது நாளேட்டில் எதுவும் எழுதத் தேவையில்லை. திரும்ப வாசித்து 185,400 என்று போட்டால் போதும்.

இப்போது வரவு 402,200, செலவு 399,500. வித்தியாசம் 2,700, வரவுப் பக்கம் கூட. இது ஏட்டில் உள்ள வித்தியாசம்.

இங்கே எல்லோரும் சொல்லும் இரண்டு உபாயங்கள் உண்டு. வித்தியாசத்தை இரண்டால் வகுத்து வரும் தொகை ஏட்டில் இருந்தால், அது பக்கம் மாறி விழுந்திருக்கலாம். ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 2,700இன் பாதி 1,350. அப்படி ஒரு தொகை இல்லை. ஒன்பதால் வகுத்தால் 300. எனவே இடமாற்ற வழு மட்டும்தான் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழு கலந்திருந்தால் இந்த உபாயங்கள் பொய் சொல்லும். ஆகவே கடைசியில் ஒவ்வொரு பதிவையும் அதன் மறுபதிவோடு ஒப்பிட்டு டிக் போட்டுப் போவதுதான் வழி.

போட்டுப் பார்த்தால் இரண்டு அகப்படுகின்றன. காசுக் கணக்கில் மின்கட்டணம் 5,400, மின்கட்டணக் கணக்கிலோ 4,500. வரவு 900 குறைவு. அடுத்தது பெற்ற கழிவு 1,800: கடன்கொடுத்தோர் கணக்கில் வரவாகப் பதிந்திருப்பது சரி, ஆனால் கழிவுக் கணக்கிலும் அது வரவிலேயே இருக்கிறது. பெற்ற கழிவு வருமானம், செலவுப் பக்கத்துக்குரியது. பக்கம் மாறியதால் வித்தியாசம் இரட்டிப்பாக 3,600. அதில் 900 கழிந்தால் 2,700 வருகிறது.

பரீட்சை மீதி பொருந்தாதபோது வித்தியாசத்தை முதலில் தொங்கல் கணக்கின் செலவில் 2,700 என்று வைக்கிறோம். தமிழ்நாட்டில் இதை அனாமத்துக் கணக்கு என்பார்கள். முடிவு தெரியாமல் தொங்கி நிற்கும் தொகைக்குத் ‘தொங்கல்’ என்ற பெயர் என் காதுக்கு அதைவிடப் பொருத்தம். பிறகு திருத்தப் பதிவுகள்: தொங்கல் கணக்கு வரவு 3,600, பெற்ற கழிவு செலவு 3,600. அப்புறம் மின்கட்டணம் வரவு 900, தொங்கல் கணக்கு செலவு 900. தொங்கலில் இரு பக்கமும் 3,600, கணக்கு தீர்ந்தது.

‘வழு’ என்ற சொல்லையும் கவனியுங்கள். திணை, பால், இடம் முதலியவை முறை தவறி வருவதை இலக்கணம் வழு என்கிறது. இலங்கைக் கணக்கீடு அந்தச் சொல்லை அப்படியே எடுத்து, ‘வழுக்களும் திருத்தமும்’ என்று ஒரு பாடத் தலைப்பே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பிழைத் திருத்தம்.

எல்லாம் சரி, ஆனால் அந்த 12,500 அலுமாரி? கடை பாவிக்க வாங்கிய அலுமாரி விற்க வாங்கிய பொருள் அல்ல, தளபாடம். கொள்வனவில் பதிந்தது தத்துவ வழு. இரண்டும் வரவுப் பக்கமே என்பதால் பரீட்சை மீதி இதைக் காட்டவே காட்டாது. திருத்தத்தில் தொங்கல் கணக்குக்கும் வேலையில்லை: தளபாடம் வரவு 12,500, கொள்வனவு செலவு 12,500. தளபாடம் 72,500 ஆகிறது, கொள்வனவு 172,900 ஆகிறது. இரு பக்கக் கூட்டும் 401,300தான், இந்தத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும். ஆனால் இலாபம் மாறும்.

அப்படியானால் எந்தச் சொல்லைப் பாவிப்பது? யாழ்ப்பாணத்தில் விடைத்தாளில் பரீட்சை மீதி என்றே எழுதுங்கள், திருத்துபவர் எதிர்பார்ப்பது அதுதான். தனித்தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் இருப்பாய்வு இருக்கிறது. ஆனால் நமக்கு ‘இருப்பு’ என்றதும் கடையில் கையிலிருக்கும் சரக்கு நினைவுக்கு வருகிறது. ‘மீதியாய்வு’ என்று வைத்திருந்தால் இரு நாட்டாருக்கும் குழப்பமிராது என்பது என் எண்ணம்.