இரவுப் படத்தில் ஒரு முகம் மட்டும் மெழுகாவது ஏன்?

வாசற்படியில் நால்வர் அமர்ந்திருக்கும் இரவுப் படம் ஒன்று அண்மையில் ஆய்வுக்காக என்னிடம் வந்தது. பின்சுவரின் காரைப் பிசிறுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. நடுவில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் முகமோ புருவ மயிர்கூடப் பிரியாமல் மெழுகு பூசியதுபோல இருந்தது. முகத்தை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்பது கொண்டுவந்தவரின் ஐயம்.

பழைய கணக்கின்படி அந்த ஐயம் நியாயமானதே. ஒரே முறை ஷட்டர் திறந்து எடுத்த படத்தில் நாய்ஸ் என்னும் மணல்போன்ற புள்ளிகள் ஏறத்தாழ எங்கும் பரவியிருக்கும். ஓரிடத்தில் மட்டும் அவை இல்லையென்றால், அங்கே யாரோ கைவைத்திருக்கலாம் என்று கருதுவோம். நைட் மோடில் எடுத்த படத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

நைட் மோடில் ஃபோன் ஒரு படத்தை எடுப்பதில்லை. சில நொடிகளுக்குள் பல ஃபிரேம்களை எடுத்து, கைநடுக்கத்தைச் சரிசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, சராசரி காண்கிறது. ஒன்பது ஃபிரேம்கள் சரியாகப் பொருந்தினால் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், நுண்விவரமும் தங்கும். அசையாத சுவருக்கு இது அப்படியே வாய்க்கிறது. சிரித்தபடி திரும்பிய முகம் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறிடத்தில் இருப்பதால், இரட்டை உருவம் விழாதிருக்க, மென்பொருள் அந்தப் பகுதிக்கு மட்டும் ஒன்றிரண்டு ஃபிரேம்களையே எடுத்துக்கொள்கிறது. அங்கே நாய்ஸ் மிகுதியாக எஞ்சும். அதை அழிக்க அக்கம்பக்கப் புள்ளிகளைக் கலந்து தேய்க்கும்போது தோலின் துளைகளும் சேர்ந்தே அழிந்துவிடுகின்றன. பிறகு விளிம்புகளைக் கூர்மையாக்குவதால், ஓவியம்போன்ற தோற்றம் முழுமையாகிறது.

வந்த கோப்பு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பப்பட்டிருந்ததால், எந்தக் கருவியில், எப்போது எடுத்தது என்பனபோன்ற எக்சிஃப் விவரங்கள் போய்விட்டிருந்தன (இது மோசடிக்கு அடையாளம் அன்று, அந்தச் செயலியின் வழக்கமே அதுதான்). மூலக்கோப்பை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்கியபின், அதே ஃபோனில், அதே அளவு மங்கலான ஒற்றை விளக்கில், ஒருவரை அசையாமலும் மற்றவரைத் தலையைத் திருப்பியபடியும் உட்காரவைத்து எடுத்துப் பார்த்தேன். அசையாதவர் முகத்தில் தோலின் தன்மை இருந்தது. திரும்பியவர் முகம் மெழுகாயிற்று. நைட் மோடை அணைத்து எடுத்தபோது இருவர் முகத்திலும் ஒரேபோல நாய்ஸ் நிறைந்திருந்தது.

இதனால் அந்தப் படம் உண்மையானது என்று நிறுவப்பட்டுவிடவில்லை; வழவழப்பு ஒன்றை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது என்பதே தெளிவாயிற்று. கழுத்தோர விளிம்பு, நிழல் விழும் திசை ஆகியவற்றைத் தனியே பார்த்தேன். அவற்றில் பொருந்தாமை எதுவும் தென்படவில்லை.

ஆனால் அந்தப் பெண் அணிந்திருந்த சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கோடாகியிருந்தன. அது எந்தச் சங்கிலி என்று படத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்றும் கொண்டுவந்தவர் கேட்டார். முடியாது என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.