எண் உங்கள் பொறுப்பு, முடிவு முதலாளியின் பொறுப்பு

கோவையிலும் அரசூர்ப் பக்கத்திலும் உள்ள பவுண்டரிகளுக்குத் தர ஆய்வு ஆலோசகராகச் சென்று வருகிறேன். சோதனையில் வராத எண்ணை டெஸ்ட் சர்டிபிகேட்டில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, வாடிக்கையாளர் கேள்வி கேட்ட பிறகு கலங்கி நிற்கும் ஆய்வகப் பணியாளர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். அண்மையில் மேலும் ஒருவர் வந்ததால் இதை எழுத நேர்ந்தது.

அவருடைய பவுண்டரியில் கிராஃபைட் உருண்டைகளாக அமைய வேண்டிய 500/7 தர எஸ்.ஜி. இரும்பில் தாங்குசட்டங்கள் வார்க்கிறார்கள். இழுவிசை வலிமை குறைந்தது 500 மெகாபாஸ்கலும், நீட்சி குறைந்தது 7 சதவீதமும் இருந்தால்தான் அந்தத் தரத்தின் பெயரைச் சொல்ல முடியும். அன்றைய ஹீட்டில், அதாவது ஒரு தடவை உருக்கிய இரும்பில், மக்னீசியம் சேர்த்த பிறகு மோல்டிங் லைன் நின்றுபோய், உருகிய இரும்போடு லேடில் காத்துக் கிடந்தது. அதன் விளைவு வார்ப்படத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே: நேரம் போகப் போக மக்னீசியம் குறைந்து, கிராஃபைட் உருண்டையாக அமையாமல் போகும். டெஸ்ட் பார் 455 மெகாபாஸ்கலில் அறுந்தது, நீட்சி 3.5 சதவீதத்தைத் தாண்டவில்லை. வாசலில் லாரி நின்றது. "நேத்து ஹீட்டோட ரீடிங்கையே போட்டு அனுப்பி வைங்க தம்பி, நான் பார்த்துக்கறேன்" என்றார் மேலாளர். இவரும் போட்டு அனுப்பினார்.

வாடிக்கையாளரின் ஆய்வாளர் இரண்டு சர்டிபிகேட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தார். கார்பனிலிருந்து மக்னீசியம் வரை எல்லாம் மூன்றாம் தசமம் மாறாமல் ஒன்றாக இருந்தன. ஒரே உலையில், ஒரே கலவையில் உருக்கினாலும் இரண்டு ஹீட்டுகள் அப்படி ஒத்துப்போவதில்லை. ஒரு வார்ப்படத்தை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, உருண்டையாக இருக்க வேண்டிய கிராஃபைட் உருக்குலைந்து கிடந்தது. அதற்குப் பிறகு நல்ல ஹீட்டுகளுக்கு அவர் நேர்மையாகக் கொடுத்த சர்டிபிகேட்டுகளையும் யாரும் நம்பவில்லை.

"மேலாளர் சொன்னாருங்க, நான் கையெழுத்துத்தானுங்க போட்டேன்" என்றார் என்னிடம். எனக்கு எரிச்சலூட்டுவது இந்த வாக்கியம்தான். சொன்னதைச் செய்தவனுக்குப் பொறுப்பில்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. டெஸ்ட் சர்டிபிகேட் என்பது மேலிடத்து உத்தரவின் நகல் அல்ல. "இந்த ஹீட்டைச் சோதித்தோம், இந்த எண் வந்தது" என்று கையெழுத்திடுபவர் தரும் வாக்குமூலம். ஏற்றுமதி வாடிக்கையாளர்கள் கேட்கும் இ.என். 10204 தரநிலையின் 3.1 வகைச் சான்றிதழை, உற்பத்திப் பிரிவைச் சாராத ஆய்வுப் பொறுப்பாளர்தான் உறுதிசெய்ய வேண்டும் என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. லாரி கிளம்ப வேண்டும் என்ற அவசரம் உற்பத்திப் பிரிவுக்கு எப்போதும் இருக்கும் என்பதால்தான் அப்படி வகுத்திருக்கிறார்கள். சரக்கை அனுப்புவதா, உருக்கிவிடுவதா, நட்டத்தைத் தாங்குவதா என்று முடிவு செய்யும் உரிமை முதலாளிக்கு உண்டு. பார் எத்தனை சதவீதம் நீண்டது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. வந்ததை எழுதுவது மட்டுமே உங்கள் கடமை. கீழ்ப்படிதலும் நேர்மையும் மோதுவதாக நீங்கள் நினைக்கும் இடத்தில் பெரும்பாலும் மோதலே இல்லை. முதலாளி எடுக்க வேண்டிய முடிவை அவரிடம் சேர்க்காமல் எண்ணுக்குள் ஒளித்து வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வந்த எண்ணை முதலில் பதிவேட்டில் எழுதுங்கள். அந்த ஹீட் நம்பர் உள்ள வார்ப்படங்கள் அனைத்தையும் சிவப்புச் சீட்டுக் கட்டித் தனியே வையுங்கள். பிறகு மேலாளரிடம் வெறும் "முடியாது" என்று போய் நிற்காமல் வழிகளோடு போங்கள். தரநிலைகளே மறுசோதனைக்கு இடம் தருகின்றன: தேறாத சோதனைக்கு இரண்டு மறுசோதனைகள் செய்து, இரண்டும் தேறினால் ஏற்கலாம்; ஒன்று தேறி ஒன்று தேறாவிட்டால் ஏற்கக் கூடாது. பெர்லைட் என்ற கடினமான நுண்கட்டமைப்பு கூடியதால் மட்டும் நீட்சி குறைந்திருந்தால், சூளையில் சூடாக்கி மெல்ல ஆறவிடும் அனீலிங் செய்து மீண்டும் சோதிக்கலாம். கிராஃபைட்டின் வடிவமே கெட்டிருந்தால் எந்தச் சூளையும் அதைத் திருத்தாது. லேடிலின் கடைசியில் ஊற்றியவை மட்டும்தான் கெட்டனவா என்பதை, ஒவ்வொன்றிலும் மீயொலி வேகத்தை அளந்து பிரித்துவிடலாம், நல்ல எஸ்.ஜி. இரும்பில் அது நொடிக்குச் சுமார் 5,600 மீட்டர் இருக்கும், வடிவம் கெடக் கெடக் குறையும். இவை எதுவும் ஒத்துவராவிட்டால், உண்மையான எண்களைக் காட்டி வாடிக்கையாளரிடம் விலக்கு அனுமதி கேட்கலாம். பளு குறைந்த பாகமென்றால் சிலர் ஒப்புக்கொள்வார்கள். மறுத்துவிட்டால் அந்தச் சரக்கு போகக் கூடாத சரக்கு.

இவ்வளவுக்கும் பிறகு பழைய ரீடிங்கைத்தான் போட வேண்டும் என்றால், கையெழுத்திடாதீர்கள். சோதனை முடிவை அன்றே அலுவலக மின்னஞ்சலில், ஹீட் நம்பரைக் குறிப்பிட்டு, குற்றம்சாட்டும் சொல் ஒன்றுமில்லாமல் மேலாளருக்கு அனுப்புங்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் உங்களை அழுத்துவதை நான் அறிவேன். வேலை போகாது என்று உறுதி தர என்னால் இயலாது. ஆனால் வாடிக்கையாளரின் விசாரணை வரும் நாளில், "நான் பார்த்துக்கறேன்" என்றவர் உங்கள் கையெழுத்தைத்தான் காட்டுவார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து இன்றே செய்யுங்கள். ஆய்வகக் கம்ப்யூட்டரில் உங்கள் கையெழுத்தை ஸ்கேன் செய்து யாரும் எடுத்து ஒட்டும்படி வைத்திருந்தால் அதை அழித்துவிட்டு, ரப்பர் ஸ்டாம்பைப் பூட்டி வைத்துச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.